ஸ்டில்லில் குறி தப்பாத ஆட்டோஃபோகஸ் வீடியோவில் மட்டும் ஏன் துடிக்கிறது?

கயல்விழி

எல்லாருக்கும் வணக்கம். ஒருவரை உட்கார வைத்து எடுக்கிற பேட்டி. கேமராவிலிருந்து அவர் 2 மீட்டர் தள்ளி இருக்கிறார். ஏபிஎஸ்-சி சென்சார், 50 மி.மீ. லென்ஸ், f/1.8, ஷட்டர் 1/50, 4K-வில் 25 ஃப்ரேம். பின்னால் அழகுக்காகச் சின்ன விளக்குச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன்.

எடுக்கும்போது முகத்தின் மேல் ஃபோகஸ் பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது: பின்னால் உள்ள விளக்கு உருண்டைகள் பெருக்கின்றன, சிறுக்கின்றன, மறுபடி பெருக்கின்றன. அவர் அசையாமல் இருக்கும்போதும் இதே கதைதான். ஸ்டில் எடுத்தால் இதே லென்ஸ் ஒரே வெட்டில் போய்க் கண்ணில் நிற்கிறது. கேமராவின் விவரக் குறிப்பில் ஃபேஸ் டிடெக்ஷன் என்றுதான் போட்டிருக்கிறார்கள், முகத்தைக் கண்டுபிடிக்கும் face இல்லை, ஃபோகஸ் அளக்கும் phase. லென்ஸ் மோட்டாரில் கோளாறா? சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

மாறன்

மோட்டார் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வீடியோ என்றாலே கான்ட்ராஸ்ட் டிடெக்ஷன்தான், அதுதான் விஷயம். ஃபேஸ் டிடெக்ஷனுக்குத் தனி சென்சார் வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி கீழே இருக்கும்போதுதான் அதற்கு வெளிச்சம் போகும். வீடியோ எடுக்கக் கண்ணாடி மேலே போய்விடுகிறது, வேலை செய்ய ஆளில்லை. 2008-இல் வந்த நிக்கான் டி90-தான் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஆட்டோஃபோகஸே கிடையாது. கையால் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

பாலு_பழையலென்ஸ்

எனக்கும் இதே தொல்லை இருந்ததம்மா. என் 85 மி.மீ. லென்ஸில் கண்ணை வைத்து எடுத்தால் காது மடல்தான் கூர்மையாக வரும். மெனுவில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒன்று இருக்கும். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து நடுக்கோட்டில் ஃபோகஸ் பண்ணி எடுத்துப் பாருங்கள். முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப நாலைந்து புள்ளி நகர்த்தினால் சரியாகிவிடும்.

ரேவதி

பாலு அண்ணா, உங்களுடையது வேறு நோய். உங்கள் லென்ஸ் ஒரு இடத்துக்குப் போய் உறுதியாக நிற்கிறது, அந்த இடம்தான் தப்பு. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளக்கும் பகுதி கேமராவின் அடியில் இருக்கிறது, படம் பதிகிற சென்சார் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் மயிரிழை பிசகினாலும் அளவும் பிசகும். அதற்குத்தான் அந்த மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட். கயலின் லென்ஸ் எங்கேயும் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதை ஸ்கேல் வைத்துத் திருத்த முடியாது.

மாறன் சொன்னது கண்ணாடி உள்ள பழைய கேமராக்களுக்குச் சரி. ஆனால் கயலிடம் இருப்பது மிரர்லெஸ் போலத் தெரிகிறது. அதில் ஃபேஸ் அளவு படம் பதிகிற சென்சாரிலேயே நடக்கும். ஃபியூஜி 2010-லேயே சின்ன கேமரா ஒன்றில் இதைச் செய்துவிட்டது. 2013-இல் கேனன் 70டி வந்தபோது, வீடியோ ஓடும்போதே ஃபேஸ் முறையில் முகத்தைப் பின்தொடர்வதைப் பலரும் முதன்முறையாகப் பார்த்தார்கள். அதுவும் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்தான், மாறன்!

கயல், லென்ஸைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி. உருண்டைகள் கொஞ்சமாக, ஒரே தாளத்தில் துடிக்கின்றனவா? அல்லது மொத்தக் காட்சியும் முழுக்க மங்கித் திரும்புகிறதா? இல்லை, ஃபோகஸ் பின்னணிக்கு ஓடி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறதா?

கயல்விழி

மிரர்லெஸ்தான், ரேவதி அக்கா. நீங்கள் சொன்ன முதல் வகை. கொஞ்சமாக, ஒரே தாளத்தில். முகம் பெரும்பாலும் கூர்மையாகத்தான் இருக்கிறது, எப்போதாவது அரை விநாடி நழுவுகிறது. முழுக்க மங்குவது அவர் முன்னால் சாய்ந்தபோது இரண்டு முறை நடந்தது.

ரேவதி

அப்படியானால் அது கான்ட்ராஸ்ட் முறையின் கைவரிசை. மூன்றாவது வகை என்றால் கேமரா அளப்பதில் குறையில்லை, எதை அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் குறை என்று சொல்லியிருப்பேன். இந்தச் சின்னத் துடிப்பு கான்ட்ராஸ்ட்டுக்கே உரியது.

ஏன் என்று சொல்கிறேன். கான்ட்ராஸ்ட் முறை ஒரு ஃப்ரேமைப் பார்த்து, இதில் விளிம்புகள் எவ்வளவு வெட்டாக இருக்கின்றன என்று ஒரு மதிப்பெண் போடும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு லென்ஸ் முன்னால் போக வேண்டுமா பின்னால் போக வேண்டுமா என்று சொல்லவே முடியாது. அதனால் லென்ஸைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும். மதிப்பெண் ஏறினால் அதே திசையில் போகும், இறங்கினால் திரும்பும். உச்சி எது என்பதும் அதைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்பி, ஸ்டேஷனைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருவோமே, அப்படி.

ஸ்டில்லில் இது யாருக்கும் தெரியாது. தாண்டிப் போனது, திரும்பி வந்தது எல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடும். வீடியோவில் அந்தப் போக்குவரத்து முழுவதும் பதிவாகிறது. அதோடு முடிவதும் இல்லை. ஆள் நகர்ந்துவிட்டாரா என்பதை அறிய கேமரா லென்ஸை முன்னும் பின்னும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த துடிப்பு அதுதான்.

ஃபேஸ் முறை கேட்கும் கேள்வியே வேறு. லென்ஸின் இடது ஓரம் வழியாக வந்த ஒளி ஒரு படம் போடுகிறது, வலது ஓரம் வழியாக வந்தது இன்னொன்று. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். தப்பாக இருந்தால் விலகி நிற்கும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பது திசையைச் சொல்லும், எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தூரத்தைச் சொல்லும். ஆட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆள் அசையாவிட்டால் விலகல் பூஜ்யம், லென்ஸும் சும்மா இருக்கும்.

மாறன்

சரி, 70டி பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. கயலின் கேமராவில் ஃபேஸ் இருக்கிறது என்கிறார், நீங்கள் கான்ட்ராஸ்ட் வேலை செய்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நான் முதலில் சொன்னதுதானே? வீடியோ என்றால் கான்ட்ராஸ்ட்.

ரேவதி

பாதி சரி. எல்லா வீடியோவிலும் இல்லை, சில வீடியோ மோடுகளில். கயல், இதே காட்சியை 1080-இல் எடுத்துப் பாருங்கள். லென்ஸ், அபெர்ச்சர், வெளிச்சம் எதையும் மாற்ற வேண்டாம்.

சில கேமராக்களில் ஃபேஸ் எல்லா மோடிலும் கிடைப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் 2018-இல் வந்த கேனன் எம்50. 1080-இல் டூயல் பிக்சல் ஃபேஸ் முறை வேலை செய்யும், 4K-வுக்குப் போனால் கான்ட்ராஸ்ட் மட்டும். டூயல் பிக்சலில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பாதி. ஃபோகஸ் அளக்க அந்த இரண்டு பாதியையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். 4K-வில் ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை நடக்கிறது, அதற்கு மேல் இது வேறு. விளம்பரத்தில் ஃபேஸ் டிடெக்ஷன் என்று போட்டது பொய்யில்லை. எந்த மோடில் என்பதை மேனுவலின் பின்பக்க அட்டவணையில்தான் தேட வேண்டியிருக்கும்.

கயல்விழி

எடுத்துப் பார்த்தேன்! 1080-இல் உருண்டைகள் கல் மாதிரி நிற்கின்றன. அவர் சாய்ந்தபோது ஃபோகஸ் கூடவே போனது, தாண்டவில்லை. 4K-வுக்கு மாற்றியதும் பழையபடி துடிப்பு. மேனுவலில் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், 4K-வில் கான்ட்ராஸ்ட் மட்டும் என்று.

ஆனால் ஒன்று புரியவில்லை. என் பழைய கேமராவில் கான்ட்ராஸ்ட் மட்டும்தான். ஸ்டில்லில் அது ஒன்றும் மெதுவாகத் தெரியவில்லை, பட்டென்று பிடிக்கும். அதே முறை வீடியோவில் ஏன் இவ்வளவு திணறுகிறது? பதிவாகிறது என்பது மட்டும்தான் காரணமா?

ரேவதி

நல்ல கேள்வி. பதிவாவது ஒரு காரணம், நேரம் இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஸ்டில்லில் ஃபோகஸ் தேடும்போது கேமரா சென்சாரைத் தன் இஷ்டத்துக்கு வாசிக்கலாம். விநாடிக்கு 120 முறை வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் 8 மில்லி விநாடி. உச்சியைத் தாண்டித் திரும்ப எட்டு மதிப்பெண் தேவை என்றால் 65 மில்லி விநாடியில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது பட்டென்று பிடித்தது போல இருக்கும்.

வீடியோவில் வாசிப்பு உங்கள் ஃப்ரேம் கணக்கோடு கட்டுண்டது. 25 ஃப்ரேம் என்றால் 40 மில்லி விநாடிக்கு ஒரு மதிப்பெண். அதே எட்டு அடி எடுத்து வைக்க 320 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் உங்கள் ஆள் பேச்சு வேகத்தில் தலையை ஆட்டிவிடுவார். கேமரா ஏறிக்கொண்டிருந்த மலையே இடம் மாறிவிட்டது, பழைய மதிப்பெண்களுக்கு அர்த்தமில்லை, மறுபடி முதலிலிருந்து. அவர் சாய்ந்தபோது முழுக்க மங்கியது இப்படித்தான்.

இதில் 1/50 ஷட்டரும் சேர்ந்துகொள்கிறது. தலை அசையும்போது ஃப்ரேமே இழுபட்டு மங்கலாகப் பதிகிறது. மதிப்பெண் குறைந்தது ஃபோகஸ் போனதாலா, தலை அசைந்ததாலா என்று அந்த ஒற்றை எண்ணுக்குத் தெரியாது. விளக்கு மினுக்கினாலும் இதே குழப்பம்தான்.

சாரதி_வீடியோ

உள்ளே வரலாமா? நான் மேடை நிகழ்ச்சிகள் எடுக்கிறவன். என்னிடம் இருப்பது எல்லா மோடிலும் ஃபேஸ் உள்ள கேமரா. ஆனால் அதுவும் வீடியோவில் மந்தமாகத்தான் போகிறது. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் பேசும்போது ஃபோகஸ் ஆடி அசைந்து போய்ச் சேர்கிறது. ஸ்டில்லில் புலி மாதிரி பாயும். ஃபேஸ் என்றால் திசையும் தூரமும் தெரியும் என்கிறீர்கள், அப்புறம் ஏன் தயங்குகிறது?

ரேவதி

தெரிந்தும் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறது. ஒரே ஃப்ரேமில் ஒரு முகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் பார்க்கிறவர்களுக்குப் படம் வெட்டுப்பட்டது போல இருக்கும். அதனால் வீடியோவுக்குத் தனியாக இரண்டு அமைப்பு கொடுத்திருப்பார்கள். சோனியில் AF Transition Speed, AF Subj. Shift Sens. என்று இருக்கும். கேனனில் Movie Servo AF speed, Movie Servo AF track sensitivity. முதலாவது, போக முடிவெடுத்த பிறகு எவ்வளவு வேகம் என்பது. இரண்டாவது, போகலாமா என்று முடிவெடுக்க எவ்வளவு பொறுமை என்பது. ஆட்கள் குறுக்கே நடக்கும் மேடையில் இரண்டாவதைத் தாழ்த்தி வைத்தால் குறுக்கே போகிறவர் பின்னால் ஃபோகஸ் ஓடாது. உங்கள் தேவைக்கு முதலாவதை மட்டும் இரண்டு படி ஏற்றிப் பாருங்கள்.

சாரதி_வீடியோ

முதலாவதை ஏற்றினேன், இப்போது நான் நினைத்த வேகத்தில் போகிறது. நன்றி. ஆனால் விளக்கு மங்கும் காட்சிகளில் என் கேமராவிலும் அந்தத் துடிப்பு வருகிறதே. ஃபேஸ் இருந்தால் வராது என்றீர்கள்.

ரேவதி

நல்ல வெளிச்சத்தில் வராது என்று நானே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இருட்டில் அந்த இரண்டு படங்களிலும் இரைச்சல் ஏறிவிடும். இரைச்சல் நிறைந்த இரண்டு படங்களைப் பொருத்திப் பார்த்தால் விலகல் ஒருமுறை கொஞ்சம் இடது என்று வரும், அடுத்த முறை வலது என்று வரும், லென்ஸ் அதன் பின்னால் ஆடும். சில கேமராக்கள் ஃபேஸ் அளவை நம்ப முடியாதபோது கான்ட்ராஸ்ட்டுக்கு மாறிவிடும்.

சாரதி_வீடியோ

இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரேவதி

வெளியிலிருந்து பிரிப்பது கஷ்டம். ஒழுங்கான தாளம் இருந்தால் கான்ட்ராஸ்ட், தாறுமாறாக நடுங்கினால் இரைச்சல் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மாறன்

தாளத்தை வைத்து முடிவு கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லென்ஸ் மோட்டாரே படி படியாக நகர்கிறது, எந்த நடுக்கமும் கடைசியில் ஒழுங்காகத்தான் தெரியும். பழைய வளைய வகை அல்ட்ராசோனிக் மோட்டார்கள் ஒரே பாய்ச்சலுக்குச் செய்தவை. சின்னச் சின்ன அடி எடுத்து வைக்கச் சொன்னால் அவை இன்னும் மோசமாக இழுக்கும். மேடையில் எந்த லென்ஸ் போட்டிருந்தீர்கள், சாரதி?

சாரதி_வீடியோ

பழைய 70-200. அடாப்டர் போட்டு.

மாறன்

பார்த்தீர்களா.

ரேவதி

மோட்டார் பற்றி மாறன் சொல்வது சரிதான். சாரதி விஷயத்தில் இரண்டும் கலந்திருக்கலாம். வேறு லென்ஸ் மாட்டி அதே இருட்டில் எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

கயல்விழி

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். எனக்கு 4K-தான் வேண்டும், முகத்தைப் பெரிதாக வெட்டியெடுக்க வசதி. f/4-க்கு இறக்கினால் துடிப்பு குறையுமா?

ரேவதி

துடிப்பு குறையாது, கண்ணில் படுவது குறையும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏபிஎஸ்-சி-யில் 50 மி.மீ., 2 மீட்டர், f/1.8 என்றால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தம் 11, 12 செ.மீ. நடுவில் அவர் இருந்தால் முன்னால் 6, பின்னால் 6. பேசும்போது சாதாரணமாகச் சாய்வதே அதைத் தாண்டிவிடும். f/4-இல் அது 25 செ.மீ. அளவுக்கு வரும். நீங்கள் வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டு எண்ணும் கொஞ்சம் சுருங்கும்.

விலை என்ன என்றால் வெளிச்சம். f/1.8-லிருந்து f/4-க்குப் போனால் ஒளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 400-இல் எடுத்ததை 2000-இல் எடுக்க வேண்டும், அல்லது விளக்கைக் கூட்ட வேண்டும்.

ஆனால் இதை வைத்து ஆட்டோஃபோகஸை ஓட விடச் சொல்லவில்லை. உட்கார்ந்த பேட்டி, ஆழம் 25 செ.மீ. முகத்தில் ஒருமுறை ஆட்டோஃபோகஸ் பிடிக்க வையுங்கள், பெரிதாக்கிக் கண்ணைச் சரிபாருங்கள், மானுவலுக்கு மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். நகராத லென்ஸ் துடிக்காது.

மாறன்

கையால் திருப்பச் சொன்ன என்னைத் திட்டிவிட்டு, கடைசியில் மானுவல்!

ரேவதி

திட்டவில்லையே. நீங்கள் சொன்ன மருந்து சரி, காரணம்தான் வேறு. 😀

பாலு_பழையலென்ஸ்

ஒரு சந்தேகம். அபெர்ச்சரை இறக்கினால் ஃபேஸுக்கு ஏதாவது கெடுதல் உண்டா? என் டிஎஸ்எல்ஆரில் f/8-க்கு மேல் போகிற மாதிரி டெலிகன்வர்ட்டர் போட்டால் ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது.

ரேவதி

உண்டு அண்ணா, வீடியோவுக்கு இது முக்கியம். இடது ஓரம், வலது ஓரம் என்றேனே, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஃபேஸின் பலம். அபெர்ச்சர் சுருங்கினால் ஓரங்கள் நெருங்கிவிடும், அதே ஃபோகஸ் பிழைக்கு விலகல் குறைவாகத் தெரியும். ஸ்டில்லில் பல கேமராக்கள் லென்ஸைத் திறந்து வைத்து அளந்துவிட்டு, படம் பதியும் நொடியில்தான் அபெர்ச்சரைச் சுருக்கும். உங்கள் டிஎஸ்எல்ஆரும் அப்படித்தான், டெலிகன்வர்ட்டர் போட்டால் முழுக்கத் திறந்த நிலையே f/8-ஐத் தாண்டிவிடுகிறது, அதனால்தான் திணறல். வீடியோவில் அந்தத் தந்திரம் நடக்காது, திறந்தால் வெளிச்சம் மாறுவது பதிவாகிவிடும். f/11 வைத்தால் f/11-இலேயேதான் அளக்க வேண்டும். நல்ல வேளையாக f/11-இல் ஆழமும் அதிகம், அதனால் கொஞ்சம் பிழை இருந்தாலும் தெரியாது. பகலில் வெளியே எடுக்கும்போது அபெர்ச்சரை அளவுக்கு மீறிச் சுருக்காமல் என்டி ஃபில்டர் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கயல்விழி

நேற்று மறுபடி எடுத்தேன். f/4, கூடுதலாக ஒரு விளக்கு, ஃபோகஸைப் பிடித்து மானுவலில் பூட்டிவிட்டேன். உருண்டைகள் சின்னதாகிவிட்டன, அதுதான் கொஞ்சம் வருத்தம். ஆனால் அசையவில்லை. ஒரு இடத்தில் அவர் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துவிட்டார், அங்கே கண் லேசாக மங்கல். அதை வெட்டி எறிந்துவிட்டேன்.

இன்னொன்று. 1080-இல் சோதித்தபோது அவர் கிடைக்கோடு போட்ட டீ-ஷர்ட் போட்டிருந்தார். முகத்தை விட்டுச் சட்டையில் பெட்டியை வைத்தால் ஃபேஸ் இருந்தும் தடுமாறியது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்ததும் பிடித்துக்கொண்டது. இது என்ன?

ரேவதி

பிக்சல்கள் இடது-வலது என்று பிரிக்கப்பட்டிருந்தால் விலகலும் இடது-வலதாகத்தான் தெரியும். கிடைக்கோட்டைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தினாலும் அது அதே கோடுதான், அதனால் அளக்க ஒன்றுமில்லை. சாய்த்ததும் கோடும் சாய்ந்தது, விலகல் தெரிந்தது. ஜன்னல் திரைப் பட்டைகளிலும் இதே கதை நடக்கும். மேல்-கீழாகவும் அளக்கும் சென்சார் உள்ள கேமராக்களில் இது வராது.

சாரதி_வீடியோ

அடுத்த வாரம் அடாப்டர் இல்லாத லென்ஸ் ஒன்று இரவல் கிடைக்கிறது. அதே இருட்டு மேடையில் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் போடுகிறேன். தாளமா நடுக்கமா என்று நீங்கள் இருவரும் பார்த்துச் சொல்லுங்கள்.

மாறன்

போடுங்கள். எந்த கிளிப் எந்த லென்ஸ் என்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள்.